மாமா, அந்த விண்ணப்பத்தை அனுப்ப வேண்டாம்

டெக்சஸ்,
நவம்பர்

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

ஜனவரியில் இங்கே படிக்க வரும் தம்பிக்காக நீங்களே டைப் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய வேலை விண்ணப்பம் கிடைத்தது. ராயபுரம் ஆபீஸில் கஸ்டம்ஸுக்கு நீங்கள் எழுதும் கடிதங்களின் கம்பீரம் அதில் அப்படியே இருக்கிறது. “மதிப்பிற்குரிய ஐயா, தாழ்மையுடன் சமர்ப்பிப்பது யாதெனில்” என்று ஆரம்பித்து, தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதம், திருமணம் ஆகவில்லை என்ற தகவல், பாஸ்போர்ட் நம்பர், கோட்டு போட்ட போட்டோ எல்லாம் வைத்து, “மேற்கண்டவை யாவும் உண்மை” என்று முடித்திருக்கிறீர்கள். கல்யாணத் தரகரிடம் கொடுத்தால் ஒரே வாரத்தில் பெண் கிடைத்துவிடும். வேலை கிடைக்காது.

முதலில், நான் வேலை பார்க்கும் ஆபீஸின் மேனேஜர் ஐயா இல்லை, அம்மா. இரண்டாவது, பாஸ்போர்ட் நம்பரையும் பிறந்த தேதியையும் மெயிலில் யாரும் கேட்பதில்லை. வேலை உறுதியான பிறகு ஐ-9 என்றொரு படிவம் வரும். பாஸ்போர்ட்டை அப்போது நேரில் காட்டலாம். இதெல்லாம் சின்ன விஷயம், அழித்துவிடலாம். என்னை உட்கார வைத்தது உங்கள் கடைசி வரிதான்: “அலுவலகம் எந்நேரம் அழைத்தாலும் ஓடிவரச் சித்தமாக உள்ளேன்.” உங்களிடம் வேலைக்கு வரும் பையன் இப்படிச் சொன்னால் நெஞ்சு குளிரும். இங்கே இந்த ஒரு வரிக்காகவே மெயில் ஓரம் போகும்.

ஏனென்று எனக்குத் தெரியக் காரணம், இந்த செமஸ்டரில் ஆட்களின் நேரப் பட்டியலைப் போடும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எங்கள் ஆபீஸ் காலை 8 முதல் மாலை 5 வரை. முன் மேஜையில் யாராவது ஒருவர் இருந்தே ஆக வேண்டும்: போன் எடுக்க, படிவம் வாங்க, வழி தெரியாமல் வரும் பிள்ளைகளைச் சரியான ஜன்னலுக்கு அனுப்ப. அந்த மேஜையில் உட்காருகிற நாங்கள் எல்லோருமே மாணவர்கள். எல்லோருக்கும் வகுப்பு உண்டு. போதாக்குறைக்கு எல்லோருக்கும் வெள்ளிக்கிழமை மட்டும் காலியாக இருக்கிறது! மேனேஜர் அம்மா வேலைக்கான மெயில்களில் நேர விவரத்தை மட்டும் என்னிடம் தருவார். நான் கட்டம் போட்டு நிரப்பிப் பார்ப்பேன். துறைமுகத்தில் எந்த பெர்த் எப்போது காலி என்று பார்த்துக் கப்பலை உள்ளே விடுவதைப் போன்ற வேலைதான். கப்பல் “எப்போது வேண்டுமானாலும் வருகிறேன்” என்று செய்தி அனுப்பினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

“எந்நேரமும்” என்று எழுதுகிறவனுக்கு இன்னும் டைம்டேபிள் வரவில்லை, அல்லது வந்தும் அவன் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். வேலைக்கு எடுத்த பிறகு ஒவ்வொரு வகுப்பாக வெளியே வரும். முழுநேர மாணவன் எந்நேரமும் காலியாக இருக்க முடியாது. இருந்தால் விசா இருக்காது.

விசா என்றதும் இன்னொன்று. எங்கள் எஃப்-1 விசாவில் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். விடுமுறையில் முழுநேரமும் பார்க்கலாம். லைப்ரரியில் 10, எங்கள் ஆபீஸில் 15 என்று இரண்டு இடத்தில் பார்த்தால் கணக்கு 25, அது விதிமீறல். வெளியே பெட்ரோல் பங்கில் சும்மா உதவியாக நிற்கலாமே என்று அத்தை கேட்டதாக அம்மா சொன்னாள். வேண்டாம் அத்தை. அதில் மாட்டினால் படிப்பே போய்விடும். ஆகவே மெயிலில் “வளாகத்துக்குள் வாரம் 20 மணி வரை வேலை பார்க்க எனக்கு அனுமதி உண்டு, இப்போது வேறு வேலை இல்லை” என்று ஒரே வரி இருந்தால் மேனேஜர் அம்மாவுக்கு இரண்டு கேள்விகள் மிச்சம்.

இனி தம்பிக்கு என்ன எழுதுவது என்று சொல்கிறேன். பாடங்களைப் பதிவு செய்த பிறகுதான் எழுத வேண்டும், அதற்கு முன்னால் எழுதினால் கற்பனைக் கதை ஆகிவிடும். மூன்று பாடம் எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று திங்களும் புதனும் காலை 11:00 முதல் 12:20 வரை. இன்னொன்று செவ்வாயும் வியாழனும் மதியம் 2:00 முதல் 3:20 வரை. மூன்றாவது வியாழன் மாலை 6 மணிக்கு. ஆபீஸ் மூடிய பிறகு என்பதால் அதை மெயிலில் சொல்லவே வேண்டாம்.

இப்போது கணக்கு. திங்களன்று 11 மணிக்கு வகுப்பு என்றால் 11 வரை மேஜையில் இருக்க முடியாது. இந்த வளாகம் பரந்தது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு வெயிலில் நடக்க வேண்டும். 10:30-க்கே எழுந்தால்தான் சரி. 12:20-க்கு முடிந்தால் சாப்பிட்டுவிட்டு 1 மணிக்கு வரலாம். ஆக திங்கள், புதன்: 8:00–10:30, 1:00–5:00. செவ்வாய், வியாழன்: 8:00–1:30. வகுப்பு முடிந்து நடந்து வந்தபின் 5 வரை கிடைக்கும் ஒரு மணிச் சொச்சத்தை விட்டுவிடலாம். துண்டு நேரத்துக்கு யாரும் ஆள் வைக்க மாட்டார்கள். வெள்ளி: முழு நாளும். கூட்டிப் பார்த்தால் 33 மணி. அனுமதி 20. இந்த இடைவெளிதான் தம்பியின் பலம். நான் உட்காரக்கூடிய நேரம் இவ்வளவு, இதில் உங்களுக்கு எது தேவையோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேஜைமேல் வைக்கிறான்.

மேனேஜர் அம்மா அதை எப்படி வெட்டுவார் என்று எனக்கு இப்போதே தெரியும். திங்கள், புதன் 1 முதல் 5 வரை. செவ்வாய், வியாழன் 10 முதல் 1 வரை. வெள்ளி 1 முதல் 5 வரை. மொத்தம் 18. மீதி இரண்டு மணியை விட்டு வைப்பது, யாருக்காவது காய்ச்சல் வந்தால் தம்பியைக் கூப்பிட. செவ்வாய், வியாழனில் அவர் கண் எதில் விழுகிறது பார்த்தீர்களா? 12 முதல் 1 வரை. நிரந்தர ஊழியர்கள் சாப்பிடப் போகும் நேரம் அது. சந்தேகம் கேட்க மாணவர்கள் வந்து குவியும் நேரமும் அதுதான். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆள் கிடைப்பது பெரும்பாடு. “மதியம் 12 முதல் 1 வரை செவ்வாய், வியாழன், வெள்ளியில் நான் இருக்க முடியும்” என்று தம்பி தனியாக ஒரு வரி எழுதினால், முதல் வகுப்பில் தேறினான் என்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

மெயில் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். உங்களுக்குப் புரிவதற்காகத் தமிழில் எழுதுகிறேன்:

“பொருள்: முன் மேஜை உதவியாளர் வேலை, ஜனவரி செமஸ்டர் — திங்கள், புதன் பிற்பகல், வெள்ளி முழு நாள்.

வணக்கம். ஜனவரியில் முதுகலைப் படிப்பில் சேரும் மாணவன் நான். உங்கள் முன் மேஜை வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் ஒரு வருடம் கவுண்டரில் இருந்தேன். லாரி டிரைவர்கள் கொண்டுவரும் கன்டெய்னர் நம்பரை ஆவணத்தோடு சரிபார்த்து கேட் பாஸுக்கு அனுப்புவது என் வேலை.

வகுப்பு நேரமும் நடக்கும் நேரமும் போக நான் வரக்கூடியது: (மேலே சொன்ன பட்டியல், ஒரு நாளுக்கு ஒரு வரி.) 12 முதல் 1 வரை செவ்வாய், வியாழன், வெள்ளியில் முடியும். வளாகத்துக்குள் வாரம் 20 மணி வரை எனக்கு அனுமதி உண்டு. வேறு வேலை இல்லை. செமஸ்டரின் முதல் திங்கட்கிழமையிலிருந்து வர முடியும். மே மாதத் தேர்வு வாரத்தில் மட்டும் நேரம் மாறலாம். தேர்வு அட்டவணை வந்ததும் தெரிவிக்கிறேன். ரெஸ்யூமை இணைத்துள்ளேன்.”

அவ்வளவுதான், மாமா. பணிவு போதவில்லையே என்று உங்களுக்குத் தோன்றும். கன்டெய்னர் சங்கதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். நான் சேரும்போது அதைத்தான் எழுதினேன். நாலு எழுத்து, ஆறு எண், கடைசியில் சரிபார்க்க ஒரு எண். அதில் ஒன்று மாறினால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு வரிசையில் டிரெய்லர் மாட்டிக்கொள்ளும், டிரைவர் உங்கள் பரம்பரையையே வாழ்த்துவார் என்று நேர்காணலில் சொன்னேன். மேனேஜர் அம்மா சிரித்தார். இங்கேயும் வேலை அதுதான்: மாணவர் நம்பரில் ஒன்று மாறினால் வேறொருவன் ஃபைல் திறக்கும். “கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுவேன்” என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதை யாரும் படிப்பதில்லை.

ஊரிலிருந்து எழுதும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். தேதியை எண்ணாக எழுதக் கூடாது. 5/2 என்று தம்பி எழுதினால் நமக்கு பிப்ரவரி 5, இவர்களுக்கு மே 2. செமஸ்டர் முடியும் நேரத்தில் வேலைக்கு வருகிறேன் என்கிறானே என்று நினைப்பார்கள். மாதத்தின் பெயரை எழுதிவிட்டால் வம்பில்லை. இன்னொன்று, பேசும் நேரம். குளிர்காலத்தில் நீங்கள் எங்களைவிட 11:30 மணி நேரம் முன்னால் இருக்கிறீர்கள். “காலை 10 முதல் 12 வரை வீடியோவில் பேசலாம்” என்று திருவொற்றியூரில் உட்கார்ந்து ஒரு பையன் எழுதினான். எங்கள் ஊர் நேரமா அவன் ஊர் நேரமா என்று போடவில்லை. எங்கள் நேரப்படி அவர்கள் கூப்பிட்டபோது அவனுக்கு இரவு 9:30. பின்னால் அத்தோ கடைச் சட்டி சத்தம் கேட்க, தெருவில் நின்று பேசினான். வேலை கிடைத்தது, அது வேறு கதை.

ஒரே மெயிலைப் பதினைந்து ஆபீஸுக்கு ஒன்றாக அனுப்பும் யோசனை தம்பிக்கு வரும், எல்லோருக்கும் வருகிறது. எல்லா முகவரியும் எல்லோர் கண்ணிலும் படும். ஒவ்வொரு ஆபீஸும் மற்றவன் பதில் சொல்வான் என்று விட்டுவிடும். தனித்தனியாக அனுப்பச் சொல்லுங்கள். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் அதே மெயிலுக்குக் கீழே இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல். அதிலும் நேரப் பட்டியல் மாறியிருந்தால் அதைச் சொல்ல வேண்டும்.

சம்பளத்தை வைத்து ஃபீஸ் கட்டிவிடலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். இங்கே சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009-லிருந்து அப்படியே நிற்கிறது. 20 மணிக்கு வாரம் 145 டாலர், வரிக்கு முன்னால். சாப்பாடும் போன் பில்லும் ஓடும். பேங்க் லோனை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை கிடைத்ததும் ஆபீஸ் ஒரு கடிதம் தரும்; அதையும் வெளிநாட்டு மாணவர் அலுவலகக் கடிதத்தையும் கொண்டுபோனால்தான் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கிடைக்கும். வேலை இல்லாமல் அந்த நம்பர் வராது, ஆகவே மெயிலில் அதற்கென ஓர் இடம் விட்டு வைக்க வேண்டாம்.

அம்மாவிடம் வடு மாங்காய் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன். தம்பியின் பெட்டியில் இடம் இருக்கும், கோட்டை எடுத்துவிட்டால்.

உங்கள் அன்பு மருமகன்

பி.கு.: மெயில் அனுப்பும்போது என்னையும் உங்களையும் சிசியில் போட வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். போன வாரம் ஒரு பையன் தன் அப்பாவைப் போட்டிருந்தான். மேனேஜர் அம்மாவுக்கு முன்னால் அப்பா பதில் எழுதிவிட்டார்.