மார்க் வராமல் ஆய்வேட்டை முடிப்பது எப்படி?

தளவாய்புரத்திலிருந்து இங்கிலாந்துக்கு எம்.எஸ்சி. படிக்கப் போன ஒரு தம்பியை வைத்துக்கொள்வோம். ஆய்வுக்கு விஷயம் தேடி அலைய வேண்டியதில்லை. ஊரில் தெருத்தெருவாக நைட்டி தைக்கிறார்கள். பீஸ் ரேட்டில் தைக்கும் பெண்களின் வருமானத்தைப் பற்றி டிராஃப்ட் எழுதி முடித்தாயிற்று. அங்கே முதுநிலையில் பொதுவாக 50 எடுத்தால் பாஸ், 70 எடுத்தால் டிஸ்டிங்ஷன். ஐம்பதை ஒட்டியே நிம்மதியாக இருந்துவிட விரும்புவோர் மேலே படிக்கலாம்.

மார்க் எதெதற்கு என்று சொல்லும் ரூப்ரிக்கைத் திறக்கவே வேண்டாம். திறந்துவிட்டால் ஒவ்வொரு வரியிலும் பாதியை மட்டும் படியுங்கள். 'ஆய்வு முறையைத் தேர்ந்த காரணமும் அதன் வரம்புகளும்: 25' என்றிருந்தால், அதை இரண்டு கேள்வியாகப் பிரித்துவிடாதீர்கள். பிரித்தால், பேட்டி எடுத்தது எல்லாம் சொந்தக்காரர்களின் யூனிட்டில்தான் என்பதை எங்குமே ஒப்புக்கொள்ளாதது அப்போதே தெரிந்துபோகும். இனி புதிதாகப் பேட்டி எடுக்க நேரமில்லை. ஆனால் அந்த வரம்பை நேர்மையாக நாலு வரி எழுதினால் மார்க் வந்துவிடும். ஜாக்கிரதை.

பாராக்களுக்கு நம்பர் போடுவது இன்னும் ஆபத்து. போட்டால், ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே பதில் எந்தப் பாராவில், எந்த வரியில் என்று குறிக்கத் தோன்றும். 'ஊர் அறிமுகம்: 10' என்பதற்கு எதிரே ஆறு பாரா வந்து நிற்கும். 'தரவை விமர்சன நோக்கில் ஆராய்தல்: 35' என்பதற்கு எதிரே ஒன்றே ஒன்று, பாரா 14. அதிலும் 'கூலி மிகவும் குறைவு' என்ற ஒரு வரிதான் தேறும்.

இங்கே சட்டென்று டிக் அடித்துவிட்டு நகருங்கள். நின்றால், எதைவிடக் குறைவு என்ற கேள்வி வரும். ஒரு நைட்டிக்கு எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை பீஸ், ராஜபாளையம் மில்லுக்குப் போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று அது வளரும். பதில் கையிலேயே இருப்பதுதான் கொடுமை. பின்னிணைப்பில், பேட்டியின் நடுவே:

"நூல்கண்டு யாரு வாங்குறா சித்தி?"

"நாங்கதான்யா. ஊசி ஒடிஞ்சாலும் எங்க காசுதான்."

பேசிய கூலி வேறு, கைக்கு வருவது வேறு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இதை பாரா 14-க்குக் கொண்டுவந்து, நூல், ஊசிச் செலவைக் கழித்துக் காட்டினால் அந்த 35-இல் ஒரு பகுதி கைக்கு வந்துவிடும். ஆகவே பின்னிணைப்பிலேயே இருக்கட்டும். பல பல்கலைக்கழகங்களில் அதற்கு மார்க் கிடையாது. திருத்துகிறவர் அதைப் புரட்டியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

வார்த்தை எண்ணிக்கை இடிக்கிறதா? ஊர் அறிமுகத்தில் மட்டும் கைவைக்காதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த கதை அங்கேதான் வருகிறது. நைட்டிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று ரூம்மேட் கேட்பான். அவனிடம் டிராஃப்டைக் காட்டாமல் இருப்பது நல்லது.