எம்பராஸாதா: ஒரு கயிற்றாராய்ச்சி

ஆங்கிலம் தெரிந்தவர் ஸ்பானியம் படிக்கப் போனால், முதல் சில வாரங்களுக்குள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் எம்பாரஸ்டு என்றால் கூச்சத்தில் நெளிவது. அந்தச் சொல்லின் வாலை மட்டும் ஸ்பானிய முறையில் திருகி எம்பராஸாதா என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று மாணவி நினைக்கிறாள். முடியவில்லை, பத்து மாதக் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. எம்பராஸாதா என்றால் கர்ப்பிணி.

இவ்வளவு பெரிய விபத்தைப் பார்த்து உலகம் இதுவரை சிரித்ததே தவிர, உரிய கனத்தோடு ஆராயவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் உச்சரிப்பு. இதில் தமிழருக்கு ஒரு பிறவி வசதி இருக்கிறது. நம் ‘ம்ப’ தானாகவே அவர்களுடைய ஒலியைத் தருகிறது. ‘பாதம்’ என்னும்போது இரு உயிர்களுக்கிடையே மென்மையாக வருகிற ‘த’ அவர்களுடைய கடைசி எழுத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆங்கிலேயர் அங்கே ‘டா’ என்று தட்டித் தடுமாறுவார்கள். ஆக, தவறான சொல்லை மிகச் சரியாக உச்சரிக்கும் தகுதி நமக்கு உண்டு. ஆபத்தும் அந்த அளவுக்கு அதிகம்.

இனி மாதிரி ஆய்வு. கொலம்பியாவின் தலைநகர் பொகொதாவில் ஒரு வீட்டு விருந்து என்று கொள்வோம். விருந்தாளிப் பெண்ணின் முழங்கை பட்டு, வெள்ளை மேசைவிரிப்பில் சிவப்பு ஒயின் கவிழ்கிறது. அவள் முகம் சிவந்து ‘எஸ்தோய் முய் எம்பராஸாதா’ என்கிறாள். மிகவும் சங்கடமாக இருக்கிறது என்பது அவள் எண்ணம். ‘நான் நிறைமாதமாக இருக்கிறேன்’ என்பது போல அவர்கள் காதில் விழுகிறது. எல்லார் கண்ணும் மேசைவிரிப்பை விட்டு அவள் வயிற்றுக்குத் தாவுகிறது. வீட்டுக்காரி வாழ்த்துச் சொல்லிவிட்டு, மிச்சமிருந்த ஒயினைக் கையோடு எடுத்து அப்பால் வைக்கிறாள். இத்தனை மாதம் என்று ஏன் முன்பே சொல்லவில்லை என்று பாட்டி கடிந்துகொள்கிறாள். இவள் பதறி, இல்லையில்லை, எல்லாம் உங்கள் கணவரால்தான், வேண்டாம் வேண்டாம் என்றபோதும் அவர்தான் வற்புறுத்தினார் என்று விளக்குகிறாள். அவர் வற்புறுத்தி ஊற்றியது ஒயினை. ஆனால் அந்தச் சொல்லைச் சேர்க்க அவளுக்கு ஸ்பானியம் போதவில்லை.

இதே தவறை ஆண் செய்தால் சொல் ‘எம்பராஸாதோ’ என்று முடியும். மேசை ஒரே நொடியில் குலுங்கிச் சிரிக்கும். தவறு அங்கேயே பிடிபட்டுவிடும். பெண் சொன்னால் இலக்கணம் முழு ஒத்துழைப்புத் தருகிறது. ஸ்பானியத்தில் ‘இரு’ என்பதற்கு இரண்டு வினைகள் உண்டு. இயல்பைச் சொல்ல ஒன்று, நிலையைச் சொல்ல ஒன்று. கூச்சம், கர்ப்பம் இரண்டுமே நிலைதான் என்பதால் இரண்டுக்கும் ‘எஸ்தோய்’தான். பிழையைக் காட்டிக்கொடுக்க வாக்கியத்தில் ஒரு துரும்பு கூட இல்லை. மாதக் கணக்கை யாராவது கேட்டால்தான் விழுந்தது தெரியும்.

இத்தகைய சொற்களுக்குப் ‘பொய் நண்பர்கள்’ என்று பெயர். 1928இல் கோஸ்லர், தெரொக்கின்யி என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் தம் நூலுக்கு வைத்த பெயர் அது. எம்பராஸாதா விஷயத்தில் இப்பெயரை நாம் மறுக்கிறோம். இவை நண்பர்களே அல்ல, பங்காளிகள். பாட்டன் ஒருவன், சொத்து பிரிந்தபோது பேச்சு வார்த்தை நின்றுபோனது.

அந்தப் பாட்டன் ஒரு கயிறு. போர்த்துக்கீசியத்தில் ‘பராசு’ என்றால் கயிறு, சுருக்கு. கயிற்றில் சிக்கவைப்பது ‘எம்பரசார்’. குறுக்குக் கம்பியிலிருந்து பிறந்த சொல் என்று வாதிட்ட கம்பிக் கட்சியினரும் உண்டு. ஆனால் இன்றைக்குக் கயிற்றுக் கட்சியின் கைதான் ஓங்கியிருக்கிறது. இந்தச் சொல் ஸ்பானியத்துக்கு வந்து, தடுப்பது, இடைஞ்சல் செய்வது என்று பொருள்பட்டது. அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போய், பிரெஞ்சிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. ஆங்கிலத்திலும் ஆரம்பத்தில் வெட்கம் இல்லை. வழியை அடைப்பது, கடனில் மாட்டிவிடுவது போன்ற முட்டுக்கட்டைகள்தான். நாக்கு முட்டுக்கட்டை போட்டுக்கொண்டு நிற்கும் கூச்சமாக அது சுருங்கியது பிற்பாடுதான். ஸ்பானியத்தில் அதே கயிறு உடம்பைச் சுற்றியது. ஓடியாட முடியாமல் சுமை ஏறிய பெண், எம்பராஸாதா ஆனாள். மனத்தைக் கட்டியது ஆங்கிலம், வயிற்றைக் கட்டியது ஸ்பானியம்.

நேராகச் சொல்லக் கூசி இப்படிச் சுற்றிவளைப்பதை நாம் குறைசொல்ல முடியாது. ‘அவள் முழுகாமல் இருக்கிறாள்’ என்று நம் பாட்டிமார் சொன்னதை ஒரு வெளிநாட்டு மாணவன் அகராதி வைத்துப் பெயர்த்தால், சோப்பு வாங்கிக்கொண்டு வருவான்.

மாணவரைக் கெடுப்பதற்கென்றே ஸ்பானியம் இன்னொரு வேலையும் செய்து வைத்திருக்கிறது. ‘எம்பராஸோஸோ’ என்ற பெயரடை சாட்சாத் சங்கடமான என்றுதான் பொருள்படும். சங்கடமான சூழ்நிலை, சங்கடமான கேள்வி எல்லாம் அதில் அடங்கும். ‘எம்பராஸோ’ என்ற பெயர்ச்சொல்லோ கர்ப்பம். ஆகவே சூழ்நிலை சங்கடப்படலாம். அதில் நிற்கிற பெண் சங்கடப்பட்டால் பிள்ளைத்தாச்சி. பங்காளி வீட்டுச் சண்டையில் பின்வாசல் மட்டும் திறந்தே கிடக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

கர்ப்பிணிக்கு அவர்களிடம் ‘என்சிந்தா’ என்ற மரியாதையான சொல்லும் உண்டு. 7ஆம் நூற்றாண்டில் செவில் நகரப் பேராயர் இசிதோர் இதன் லத்தீன் மூலத்துக்குக் ‘கச்சை கட்டாதவள்’ என்று விளக்கம் எழுதினார். வயிறு இறுக்கிக் கட்ட விடாது என்பது அவர் காரணம். அவர் விளக்கத்தை ஏற்றால், ஒரே பெண் ஒரு சொல்லில் கட்டுண்டவள், மறு சொல்லில் கட்டவிழ்ந்தவள். இந்த முரணை முப்பது பக்கத்துக்கு விரிக்கலாம். வாசகர் மேல் இரக்கப்பட்டு விடுகிறோம்.

ஒரு பேனா நிறுவனத்தின் கதை மட்டும் பாக்கி. சட்டைப்பையில் ஒழுகி உங்களைச் சங்கடப்படுத்தாது என்ற விளம்பரம், மெக்சிகோவில் உங்களைக் கர்ப்பமாக்காது என்று வந்துவிட்டதாம். விற்பனை வகுப்புகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. அந்த விளம்பரத்தின் பிரதியைக் காட்டிய எவரையும் இக்கட்டுரையாளன் கண்டதில்லை. ஆதாரமில்லாத உத்தரவாதம் என்பதால் ஆய்வில் சேர்க்கவில்லை.

சரி, அந்தப் பெண் என்னதான் சொல்லியிருக்க வேண்டும்? ‘அவெர்கொன்சாதா’ என்றால் எங்கும் செல்லும், கொஞ்சம் கனமான வெட்கம். பொகொதாவில் இன்னும் எளிது: ‘கே பேனா’ என்று உள்ளங்கையை விரித்திருந்தால் போதும், ஐயோ எவ்வளவு சங்கடம் என்று பொருள், இன்னொரு கோப்பை ஒயினும் வந்திருக்கும். ஸ்பெயினுக்குப் போய் அதையே சொன்னால், ஐயோ பாவம், எவ்வளவு சோகம் என்று ஆகிவிடும். அங்கே ‘பேனா’ துயரம். நாம் சட்டைப்பையில் செருகியிருக்கும் பேனா வேறு. இறகு என்ற பொருளுள்ள போர்த்துக்கீசியச் சொல்லாகக் கப்பலேறி வந்தது. அந்தக் கயிற்றைத் திரித்த அதே ஊர்க்காரர்கள்தான் இதையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். இது ஒழுகும்.