பெயரில் கூடிய ஆயிரம்

கேள்வி: என்னிடம் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு இருக்கிறது. ஒப்பீட்டுப் பட்டியலில் 4060-க்கு 100 சதவீதம், 3060-க்கு 84 என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் 4060 வாங்கினால் 16 சதவீத வேகம் கூடுமா?

பதில்: 19 கூடும்! பட்டியலில் 100 என்பது 4060. உங்களுக்கு 100 என்பது கையிலிருக்கும் 3060. ஆகவே 100-ஐ 84-ஆல் வகுக்க வேண்டும். நொடிக்கு 60 பிரேம் ஓடிய விளையாட்டு 71-இல் ஓடும். பெயரில் ஆயிரம் கூடியது, திரையில் பதினொன்று.

அந்தப் பதினொன்றும் பல விளையாட்டுகளின் சராசரிதான். உங்கள் 3060-இல் 12 ஜிபி நினைவகம் இருந்தால் அவசரப்படாதீர்கள்; 4060-இல் 8 ஜிபிதான். டெக்ஸ்சரை உச்சத்தில் வைத்து 8 ஜிபி நிரம்பிவிட்டால், புதிய கார்டு திக்கித் திணறும், பழையது நிதானமாக ஓடும். இதைச் சராசரி காட்டாது. நீங்கள் ஆடும் விளையாட்டை மட்டும் தனியே எடுத்து, மிக மெதுவான 1 சதவீத பிரேம்களைக் காட்டும் ‘1% லோ’வைப் பாருங்கள்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600 மீதும் கண் இருந்தால், ரே டிரேசிங் போட்ட பட்டியல், போடாத பட்டியல் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். போடாதபோது 4060-ஐ நெருங்கி நிற்கும், போட்டதும் பின்தங்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 3060-ஐ மாற்றமாட்டேன்.