96 சதவீதம்

இறுதியாண்டு ப்ராஜெக்டில் நாங்கள் நான்கு பேர். ஒருவன் கோடிங், ஒருவன் ரிப்போர்ட், இன்னொருவன் ஸ்பைரல் பைண்டிங். பி.பி.டி. என் தலையில் விழுந்தது.

நெற்பயிர் இலையைப் படம் பிடித்தால் குலைநோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் மென்பொருள் எங்களுடையது. சீனியர் கொடுத்த பி.பி.டி.யில் தலைப்பை மட்டும் மாற்றினேன். 'எக்ஸிஸ்டிங் சிஸ்டம்' ஸ்லைடில் உலகத்தையே குறை சொல்லிவிட்டு, 'ப்ரொபோஸ்டு சிஸ்டம்' ஸ்லைடில் நம்மை நாமே பாராட்டிக்கொள்ள வேண்டும் என்பது பரம்பரை வழக்கம். கடைசியில் பெரிய பச்சை எழுத்தில் போட்டேன்: அக்யூரசி 96%.

முதல் ரிவியூவில் மூன்று பேர் அமர்ந்திருந்தார்கள். எச்.ஓ.டி. வழக்கம்போல் "நாவல்டி என்னப்பா?" என்றார். மேடம் ஸ்லைடு நம்பர் இல்லாததைக் கண்டுபிடித்தார். மூன்றாமவர் டீயை மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். அப்படி இருப்பவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"தம்பி, டெஸ்ட் பண்ணினது எத்தனை படம்?"

"200 சார்."

"அதில் நோய் உள்ள இலை?"

"8 சார்."

"அந்த எட்டில் எத்தனையைக் கண்டுபிடிச்சுது?"

கோடிங்காரனைப் பார்த்தேன். அவன் மின்விசிறியைப் பார்த்தான். சார் எழுந்து போர்டில் நான்கு கட்டம் போட்டார். நல்ல இலையை நல்லது என்றது 192. நோய் என்றது 0. நோயுள்ள இலையை நோய் என்றது 0. நல்லது என்றது 8.

"192-ஐ 200-ஆல் வகுத்தால் உங்க 96 வந்துடுது. 'நல்ல இலை'ன்னு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சு எல்லாப் படத்திலும் குத்தினாலும் இதே 96தான் வரும். ஸ்டாம்ப் முப்பது ரூபாய். நீங்க எவ்வளவு செலவு பண்ணினீங்க?"

ஸ்பைரல் பைண்டிங்கை மட்டும் கணக்கில் எடுத்தாலே ஸ்டாம்ப்தான் மலிவு.

விஷயம் இதுதான். பயிற்சிக்குக் கொடுத்த படங்களிலும் நல்ல இலைகளே குவிந்து கிடந்தன. எல்லாவற்றையும் 'நல்லது' என்று சொன்னால் அதிகம் தப்பு வராது என்பதை மென்பொருள் சீக்கிரமே கற்றுக்கொண்டது. எங்களோடு பழகிய தோஷம்.

பிறகு வயல் வயலாய் அலைந்து, நோயுள்ள இலைகளைக் கூடுதலாகப் படம் பிடித்துப் பயிற்சியில் சேர்த்தோம். அவற்றில் ஒன்றை விட்டுவிட்டால் தண்டனை அதிகம் என்றும் கோடில் எழுதினோம். டெஸ்ட் படங்களை மாற்றவில்லை. இப்போது எட்டில் ஆறைப் பிடித்தது. ஆனால் 16 நல்ல இலைகளையும் நோயாளியாக்கிவிட்டது. சரியான விடை 182. அக்யூரசி 91.

இரண்டாம் ரிவியூவில் அந்த நான்கு கட்டத்தையே முதல் ஸ்லைடாக வைத்தேன். சார் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அக்யூரசி ஐந்து குறைந்தது. மார்க் பத்து கூடியது.

ரிவியூவுக்குப் போகும் தம்பி தங்கைகளே, சதவீதத்தைப் பச்சையில் எழுதும் முன் அந்த நான்கு கட்டத்தை நிரப்பிப் பாருங்கள். டீ குடிப்பவர் எப்படியும் நிரப்பத்தான் போகிறார்.