பத்தாயிரம் என்று போட்டிருக்கிறது, பாருங்கள்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, மதியத்துக்குச் சற்று முன்பு இலங்கை முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். உலகப் பத்திரிகைகள் சிரித்தன. திருகோணமலையில் உவர்மலையிலிருந்து திருக்கடலூர் வரைக்கும், ஞாயிறு முற்பகல் என்றால் போனும் கையுமாகக் குந்தியிருக்கும் பெடியள் சிரிக்கவில்லை. கடைசி நான்கு பேராகச் சுருங்கிய ஆட்டத்தின் நடுவில் வைஃபை செத்தால் யாருக்கும் சிரிப்பு வராது. அதோடு நுரைச்சோலை அனல்மின் நிலையமும் படுத்துக்கொள்ள, அடுத்தடுத்த நாட்களில் முறைவைத்து ஒன்றரை மணித்தியாலம் மின்வெட்டினார்கள். அந்த வாரத்தில் பவர் பேங்க் பற்றி எல்லோரும் பேசினார்கள், அதிலும் எத்தனை ஆயிரம் என்பதைப் பற்றியே பேசினார்கள். என் கட்சி வேறு. கேம் பாதியில் அணைவதற்குக் காரணம் பவர் பேங்க் சின்னதாக இருப்பது அல்ல. போன் எதற்காகச் செலவழிக்கிறது என்று நாம் பார்க்காமல் விடுவதுதான். வரவைக் கூட்டுவதற்குப் படும் பாட்டில் பாதியைச் செலவைக் குறைப்பதில் பட்டால், மின்வெட்டையும் தாண்டலாம், கொழும்பு மெயிலையும் தாண்டலாம்.

முதலில் அந்த ஆயிரங்களை உரித்துப் பார்ப்போம். 10000 மில்லி ஆம்பியர்-மணி என்று முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது, உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டில் அளந்த கணக்கு. போனுக்குப் போகும் வயரிலோ 5 வோல்ட் வேண்டும். 3.7 வோல்ட்டை 5 ஆக்கும்போது ஆம்பியர் கணக்கு தானாகக் குறையும், அதற்கு மேல் ஒரு பங்கு சூடாகவும் போகும். மீன் சந்தையில் முழு அறக்குளாவை நிறுத்துக் காசு கொடுத்துவிட்டு, தலையும் குடலும் போன பிறகு சட்டிக்குள் விழும் துண்டுகளை எண்ணுவது போன்றது இது. வியாபாரி ஏமாற்றவில்லை, நாம்தான் முழு மீனைக் கறியாக நினைத்துக்கொள்கிறோம். நல்ல கம்பனிகள் சட்டிக் கணக்கையும் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும்: 5 வோல்ட்டில் ஏறக்குறைய 6000. அதாவது 37 வாட்-மணியில் வெளியே வருவது 30. போன் தன் பேட்டரிக்குள் அதை இறக்கும்போது இன்னும் கொஞ்சம் சிந்தும். கடைசியில் 26, 27 கிடைத்தால் சந்தோஷப்படலாம். 5000 மில்லி ஆம்பியர்-மணி போன் ஒன்றின் பேட்டரி கொள்வது ஏறக்குறைய 19 வாட்-மணி. ஆகவே பத்தாயிரத்தால் போனை இரண்டு தடவை நிரப்பலாம் என்று கடைக்காரர் சொன்னால், ஒன்றரைத் தடவைக்கும் குறைவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிப் பயணத்துக்கு வருவோம். திருகோணமலையிலிருந்து கொழும்புக் கோட்டைக்குப் போகும் இரவு மெயிலில் எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் மின்விசிறி சுற்றினாலே பெரிய விஷயம், சார்ஜ் போட பிளக் தேடுவது பேராசை. நிரம்பிய போன் 19, பவர் பேங்க் தருவது 26, மொத்தம் 45 வாட்-மணி கையில். வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, கிராபிக்ஸை உச்சத்தில் வைத்து, ஒரு செக்கனுக்கு 60 ஃபிரேம் கேட்டு, மொபைல் டேட்டாவில் சண்டைக் கேம் ஆடினால் நடுத்தரப் போன் ஒன்று 6 வாட் வரை தின்னும். ஏழரை மணித்தியாலத்தில் கதை முடிந்துவிடும், கோட்டை இன்னும் வந்திருக்காது. அதே கேமில் கிராபிக்ஸை ஆகக் கீழ்ப்படிக்கு இறக்கி, ஃபிரேமை 30 ஆக்கி, திரை வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே வைத்தால் மூன்றரை வாட்டுக்கு இறங்கலாம். அப்போது அதே 45, பதின்மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும். ஒரு சதம் செலவில்லை, புதிதாக எதுவும் வாங்கவில்லை. உங்கள் போன் எவ்வளவு தின்கிறது என்று அறிய மீட்டரும் வேண்டாம். வயரைக் கழற்றிவிட்டு ஒரு மணித்தியாலம் ஆடுங்கள். 5000 பேட்டரி போனில் 20 சதவீதம் இறங்கினால் ஏறக்குறைய 4 வாட், 30 சதவீதம் இறங்கினால் 6 வாட்.

இந்தக் கணக்கைக் குழப்புவது சிக்னல். சீனக்குடா, தம்பலகாமம், கந்தளாய் வரைக்கும் பரவாயில்லை. அதற்கப்பால் கல்லோயா, ஹபரணைப் பக்கம் காடு, யானை நடமாடும் பாதை. ரயில் மெதுவாக ஊர்ந்து போகும் இடம் அதுதான், சிக்னல் கோடு ஒன்றாகி இல்லாமலே போகும் இடமும் அதுதான். டவர் தூரமாகப் போகப் போக, போன் சத்தத்தைக் கூட்டிக் கத்த வேண்டியிருக்கிறது. சிக்னல் அறவே இல்லாவிட்டால் விட்டுவிட்டுத் தேடும். இரண்டும் பேட்டரியில்தான் விழும். ஆட்டம் எதுவும் ஆடாமல் பொக்கெட்டில் கிடந்த போன் சுடுகிறதென்றால், அது டவர் தேடிக் களைத்துப் போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் ஒன்லைன் கேமைப் பிடித்துக்கொண்டு தொங்குபவர் இருமடங்கு நட்டப்படுகிறார்: பேட்டரியும் போகிறது, ஆட்டமும் தோற்கிறது. ஏரோப்ளேன் மோடைப் போட்டுவிட்டு கேரமோ செஸ்ஸோ, இணையம் வேண்டாத ஏதாவது ஒன்றை ஆடலாம். அதை வீட்டு வைஃபையில் முன்பே இறக்கி ஒரு தடவை திறந்தும் பார்த்திருக்க வேண்டும். முதல் தடவை திறக்கும்போது இணையம் கேட்கும் கேம்கள் நிறைய உண்டு. மாகோ கடந்து குருநாகல் பக்கம் வந்த பிறகு சண்டைக்குத் திரும்பலாம். எதிரிகள் எங்கும் போய்விட மாட்டார்கள்.

“இதற்கெல்லாம்தானே லோ பவர் மோட் இருக்கிறது, ஒரு தட்டுத் தட்டினால் போதாதா?” என்று கேட்பார்கள். போதாது. அந்த மோட் கேம் ஆடுபவருக்காகச் செய்யப்பட்டது அல்ல, கேம் ஆடாமல் இருப்பவருக்காகச் செய்யப்பட்டது. பின்னணியில் ஓடும் மெயில், போட்டோ ஏற்றல் போன்றவற்றை அது நிறுத்துகிறது, திரையை மங்கலாக்குகிறது, பல போன்களில் பிராசஸரின் வேகத்தையும் பிடித்து வைக்கிறது. முதல் இரண்டும் நமக்கு லாபம். மூன்றாவதுதான் சிக்கல்: கேம் கேட்பது 60, போன் கொடுக்க முடிவது 40 என்றானால், ஆட்டம் சறுக்கிச் சறுக்கி ஓடும். கேமுக்குள்ளேயே போய் 30 என்று வைத்துவிட்டால் அந்த இழுபறி இல்லை, சீராக ஓடும். இன்னொரு வேடிக்கை, லோ பவர் மோடுக்கும் பவர் பேங்குக்கும் ஒத்துப்போகாது. ஐபோனில் சார்ஜ் 80 சதவீதத்தைத் தாண்டியதும் அந்த மோட் தானாக அணைந்துவிடும். பல ஆண்ட்ராய்டு போன்களில் வயரைச் செருகிய மறுகணமே விலகிக்கொள்ளும். கரண்ட் வந்துவிட்டது, இனி ஊதாரித்தனம் செய்யலாம் என்று போன் நினைத்துக்கொள்கிறது. அந்தக் கரண்ட் ஒரு சின்னப் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது என்பது அதற்கு எப்படித் தெரியும்? ஆகவே வெளிச்சத்தையும் ஃபிரேமையும் கையால் குறைத்து வைப்பதுதான் நிலைக்கும்.

வயரைச் செருகியபடியே ஆடலாமா என்பதும் இதோடு ஒட்டிய கேள்வி. ஆடலாம், ஆனால் பேட்டரி ஏறும் சூடும் கேம் ஓடும் சூடும் ஒன்றாகச் சேரும். சூடு ஏறியதும் போன் சார்ஜையும் குறைக்கும், கேமையும் தடுமாற வைக்கும். பேட்டரியின் ஆயுளும் தேயும். சில போன்களில் வரும் மின்சாரத்தை பேட்டரிக்குள் இறக்காமல் நேரே போனுக்குக் கொடுக்கும் வசதி உண்டு. சாம்சுங்கில் கேம் பூஸ்டருக்குள் Pause USB Power Delivery என்று இருக்கும், 20 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருந்தால்தான் வேலை செய்யும், பவர் பேங்கும் PD வகையாக இருக்க வேண்டும். அது இல்லாதவர்கள் சார்ஜ் 30 சதவீதத்துக்கு இறங்கும் வரை ஆடிவிட்டு, தூங்கும் நேரத்தில் சார்ஜ் போடலாம். தலையணைக்கு அடியில் மட்டும் வேண்டாம்.

“இவ்வளவு சிக்கனம் எதற்கு? இருபதாயிரம், முப்பதாயிரம் வாங்கினால் முடிந்தது” என்பது அடுத்த ஆட்சேபம். 2022 மார்ச் 31ஐ நினைத்துப் பாருங்கள். டீசல் இல்லாமல் நாடு முழுவதும் 13 மணித்தியாலம் வெட்டினார்கள். மிஞ்சியது 11 மணித்தியாலம், அதுவும் ஒரே துண்டாக வரவில்லை. சாதாரண 10 வாட் சார்ஜரில் இருபதாயிரம் நிரம்ப ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். பாத்திரம் பெரிதாக இருந்து என்ன, குழாயில் தண்ணீர் வரும் நேரம்தானே கணக்கு? பெரியது வாங்கினால் வேகமாக நிரம்பக்கூடியதாக, 18 வாட் அளவில் உள்ளே எடுப்பதாக, அதற்கேற்ற சார்ஜரோடு வாங்குங்கள். 50000 என்று எழுதிய பெட்டி இறகு மாதிரி இருந்தால் திரும்பக் கொடுத்துவிடுங்கள். 2500 கொள்ளும் வழக்கமான உருளைச் செல் ஒன்றே 45 கிராம் அளவில் இருக்கும். பத்தாயிரத்துக்கு நான்கு செல், ஓட்டையும் சேர்த்தால் 200 கிராம் வந்தாக வேண்டும். 50000 ஒரு கிலோவுக்குக் கிட்ட நிற்க வேண்டும்.

வீட்டில் இருக்கும்போது கரண்ட் போனால், போனை விட முதலில் சாவது ரவுட்டர். ஃபைபர் வைத்திருந்த ஊரே அந்த நிமிடத்தில் மொபைல் டேட்டாவுக்குத் தாவும், டவரும் தன் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். பிங் 40 இலிருந்து 300க்கு ஏறுவது அப்போதுதான். 30 ஃபிரேமில் ஆடினால் தோற்போம் என்று வாதாடுபவர்கள் இந்த 300ஐப் பற்றி வாயே திறப்பதில்லை. 12 வோல்ட் தரும் சின்ன யுபிஎஸ் ஒன்றை ரவுட்டருக்கு மாட்டினால், பத்து வாட்டுக்குள் வேலை முடியும். பெரிய பவர் பேங்குக்கு எடுத்து வைத்த காசை இதில் போடுவதுதான் என் தீர்ப்பு.

கடைசி ஆட்சேபம் வீட்டுப் பெரியவர்களுடையது: நாட்டில் கரண்ட் இல்லை, இவனுக்குக் கேம். சீலிங் ஃபேன் ஒன்று ஒரு மணித்தியாலம் சுற்ற 70 வாட்-மணி வேண்டும். சேதாரத்தோடு சேர்த்தாலும் அதில் 14 மணித்தியாலம் கேம் ஆடலாம். மின்வெட்டுக்குக் காரணம் பெடியளின் போன் அல்ல. காரணம் தேடுபவர்கள் நம் ஊரையே சுற்றிப் பார்க்கலாம்: சீனக்குடாவில் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தொட்டிகள் 99 நிற்கின்றன. துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் சம்பூரில் வரவிருந்த நிலக்கரி நிலையம் 2016இல் கைவிடப்பட்டது, 2025இல் அங்கே சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டுப் போனைக் குற்றம் சொல்வது சரியல்ல. ஆனால் பெரியவர்கள் சொல்வதில் ஒரு பாதி சரி: கோட்டை ஸ்டேஷனில் இறங்கும்போது போன் உயிரோடு இருக்க வேண்டும். த்ரீவீல் கூப்பிடவும், வந்து சேர்ந்துவிட்டேன் என்று அம்மாவுக்குச் சொல்லவும் 20 சதவீதத்தை ஒதுக்கி வையுங்கள். அது இன்னும் ஒரு மணித்தியாலக் கேம் என்று தெரிந்துதான் சொல்கிறேன், தொடாதீர்கள்.