நெறியாளர் மறுத்த தலைப்பும் கொடுத்த இரண்டும்

கேள்வி: ஐயா, சிந்து எழுத்தைப் படித்து, அது பழந்தமிழே என்று நிறுவுவதை முனைவர் பட்டத் தலைப்பாக அனுப்பினேன். "இதற்கு நான் நெறியாளராக இருக்க இயலாது. பானை ஓட்டுக் கீறல்கள், தமிழ்ப் பிராமியில் புள்ளி, இரண்டில் ஒன்றை யோசியுங்கள்" என்று பேராசிரியர் பதில் எழுதியிருக்கிறார். நாசூக்காகக் கழற்றிவிடுகிறாரா?
– முதுகலை மாணவி, மதுரை

பதில்: இல்லை, அம்மா. கழற்றிவிட நினைப்பவர் இடமில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். இவர் உங்கள் ஆர்வம் எதன் மேல் என்று பார்த்து, அதே ஆர்வம் செல்லுபடியாகும் இரண்டு இடங்களைக் காட்டியிருக்கிறார். அவர் மறுத்ததற்கான காரணம் சிந்து முத்திரைகளிலேயே இருக்கிறது. ஐராவதம் மகாதேவன் 1977-இல் வெளியிட்ட தொடரடைவில் ஏறக்குறைய 2,900 வாசகங்களும் 417 குறிகளும் உள்ளன. ஆனால் ஒரு வாசகத்தின் சராசரி நீளம் ஐந்து குறிதான். ஒரே பக்கத்தில் அமைந்த மிக நீண்ட வாசகம்கூட 17 குறிகளைத் தாண்டவில்லை. மீன் குறியை 'மீன்' என்று படித்து, விண்மீனையும் அது குறிக்கும் என்பது அழகான ஊகம். பக்கத்துக் குறிக்கும் அப்படியே ஒரு சொல்லைப் பொருத்தலாம், அதற்கடுத்த குறிக்கும் பொருத்தலாம். வாசகம் ஐந்தே குறியில் முடிந்துவிடுவதால், நீங்கள் தவறினால் அதைக் காட்டிக்கொடுக்க ஆறாவது குறி இல்லை. தமிழ் என்று படிப்பவரும் சமஸ்கிருதம் என்று படிப்பவரும் ஒரே முத்திரையை வைத்து நிற்பது இதனால்தான். வாய்மொழித் தேர்வில், "உங்கள் வாசிப்பு தவறென்றால் அது எப்படித் தெரியவரும்?" என்று கேட்டால், உங்களிடமும் பதில் இருக்காது, நெறியாளரிடமும் இருக்காது.

இருமொழிக் கல்வெட்டே இல்லாமல் மைக்கேல் வென்ட்ரிஸ் 1952-இல் லீனியர் பி எழுத்தைப் படிக்கவில்லையா என்று கேட்பீர்கள். படித்தார். அவரிடம் ஆயிரக்கணக்கான கணக்குப் பலகைகள் இருந்தன. ஒரே சொல் ஈறு மாறி மாறி வருவதை ஆலிஸ் கோபர் முன்பே காட்டியிருந்தார். வென்ட்ரிஸின் ஒலிமதிப்புகள் வெளிவந்த பிறகு, பைலோஸில் கிடைத்த ஒரு பலகையில் அவற்றைப் பொருத்திப் பார்த்தார்கள். முக்காலிப் பாத்திரத்தின் படத்துக்குப் பக்கத்தில் முக்காலி என்ற கிரேக்கச் சொல்லே வந்து நின்றது. அவர் பார்த்திராத சான்று அவரைச் சோதித்தது. சிந்து வாசிப்புக்கு அப்படியொரு பலகை இன்னும் கிடைக்கவில்லை. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்ததைக் காட்டி வாதிடுவதும் பயன்படாது. பரிசு விடை கண்டவருக்கு உரியது. பட்டமோ, குறித்த காலத்துக்குள் சோதிக்கக்கூடிய ஒன்றை முடித்தவருக்கு.

இப்போது அவர் தந்த மாற்றுகளைப் பாருங்கள். தமிழ்நாட்டு அகழாய்வுகளில் கீறல் உள்ள ஓடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. சிந்துக் குறிகளோடு அவற்றின் வடிவ ஒற்றுமையைத் தேடும் வேலையும் நடந்திருக்கிறது. ஏணி, அம்பு, பெருக்கல் குறி போன்றவற்றைக் கூர்முனை கையில் கிடைத்த எவரும் கீறிவிட முடியும் என்பதால், ஒற்றுமை மட்டும் அதிகம் சொல்லாது. சோதிக்கத்தக்க கேள்வி, யார் எப்போது கீறினார்கள் என்பதுதான். சுடுவதற்கு முன் ஈரமண்ணில் கீறினால் கோட்டின் இருகரையிலும் மண் ஒதுங்கி மேடிட்டிருக்கும். சுட்ட பின் கீறினால் கரை செதிலாகப் பெயர்ந்திருக்கும். முன்னது பெரும்பாலும் குயவர் அடையாளம், பின்னது பானையை வைத்திருந்தவருடையது. ஒரே ஈமக்குழியின் பானைகளில் ஒரே கீறல் திரும்பத் திரும்ப வந்தால் குடும்பம் அல்லது குழுவின் அடையாளம் என்று கொள்ள இடமுண்டு. கலந்து கிடந்தால் அந்தக் கருத்து விழுந்துவிடும்.

இரண்டாவது தலைப்புதான் என் மனத்துக்கு நெருக்கம். நீங்கள் இருப்பது மதுரையில். மாங்குளம் குகைக் கல்வெட்டு பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரே வடிவம் 'க்' ஆகவும் 'க' ஆகவும் வரலாம். பக்கக்கோடு சேர்ந்தால் 'க' ஆகலாம், 'கா' ஆகலாம். இந்தக் குழப்பம் தீரத்தான் மெய்யின் மேல் புள்ளி வந்தது. மகாதேவன் இந்த வளர்ச்சியை மூன்று நிலைகளாக வரிசைப்படுத்தினார். குகைக் கல்வெட்டுகளின் காலத்தைப் பெரும்பாலும் எழுத்தின் வடிவை வைத்தே சொல்கிறோம். அகழாய்வு ஓட்டுக்கோ மண்ணடுக்கே தனிச்சாட்சி. எழுத்துள்ள ஓடுகளை அடுக்கு வாரியாக வைத்தால் அதே வரிசை வருகிறதா? புள்ளியிட்ட ஓடு ஒன்று, குலையாத அடி அடுக்கில் கிடைத்தால் வரிசையையே திருத்த வேண்டிவரும். தவறு தெரியவரும் வழியை இந்தத் தலைப்பே வைத்திருக்கிறது.

ஓடுகளைக் கையில் எடுத்துப் பார்க்கத் தொல்லியல் துறையின் அனுமதி கிடைக்குமா என்பதை முதலில் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் கீறல் தலைப்பை விட்டுவிடுங்கள். கரை மேடா செதிலா என்பது படத்தில் சரியாகத் தெரியாது. புள்ளியைத் தெளிவான படத்திலும் மைப்படியிலும் ஓரளவு தேடலாம். ஓட்டின் தேய்மானமும் புள்ளிபோலத் தோன்றும் என்பதால் ஐயமானவற்றை மட்டும் நேரில் பார்த்தால் போதும்.

கேள்வி: அந்தப் பேராசிரியருக்கு உடனே பதில் எழுத வேண்டுமா?
– அதே மாணவி

பதில்: இந்த வாரமே எழுதுங்கள். தேர்ந்த தலைப்பு, முதலில் பார்க்கப்போகும் அகழாய்வு அறிக்கை, அவரிடம் கேட்க ஒரு கேள்வி. பழைய தலைப்பைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம்.