தலையணைக் கவிதை

கேள்வி: குடலிறக்கச் சத்திரசிகிச்சை முடிந்து என்னவர் வீட்டில் இருக்கிறார். அவருடைய பொறுமைக்கு ஒரு சின்னக் கவிதை தாருங்களேன்.
– வாசகி, சாவகச்சேரி

பதில்: இருமினால் தையல் இழுபடும்; தலையணையை வயிற்றோடு அணைத்து இருமினால் வலி குறையும். ஆகவே தலையணையிலிருந்தே தொடங்குவோம்:

இருமல் வரமுந்தித்
தலையணை நீட்டுறன்;
வலியை விழுங்கி
"ஒண்டுமில்லையப்பா" எண்டுறியள்.
கிணத்தடி வாளி
என்ர கையில இருக்கட்டும்;
முற்றத்து வேம்புமட்டும்
மெல்ல நடவுங்கோ,
கூட வாறன்.

அந்த வாளியை மட்டும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். பாரம் தூக்கும் நாளை வைத்தியர்தான் சொல்லவேண்டும். காயம் சிவந்து வீங்கினாலோ, சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ கவிதையை வைத்துவிட்டு வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். மீதியைப் பிறகு வாசிக்கலாம்.